ரப்பர் பேண்டும் குண்டூசியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த வீட்டுக் குறிப்பு இது: “சார்ஜ் பின் லூஸாக இருந்தால் கேபிளை மேல்பக்கம் வளைத்து ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். அழுக்கு இருந்தால் குண்டூசியால் சுரண்டி எடுங்கள்.” இரண்டே வரியில் ஒரு போனைக் கொல்ல இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

கேபிளை ஆட்டினால்தான் சார்ஜ் ஏறுகிறது என்றால், போனில் கேபிள் சொருகும் துளையான அந்தப் பின்னுக்குள் மின்தொடுப்பு நுனியளவுக்குத்தான் படுகிறது என்று பொருள். நல்ல இணைப்பில் தடை 0.04 ஓம் அளவில் இருக்கும். லூஸான இடத்தில் அது அரை ஓம் ஆனது என்று வையுங்கள். 2 ஆம்பியர் ஓடினால் 2 வாட் வெப்பம், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு புள்ளியில் இறங்கும். ரப்பர் பேண்ட் அந்த அரைகுறைத் தொடுப்பை இரவு முழுக்கப் பிடித்து வைத்திருக்கும். எங்கள் மேசைக்கு வரும் கருகிய பின்கள் இப்படித்தான் உருவாகின்றன. கேபிள் மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருப்பதால், பின்னைப் போர்டோடு ஒட்டவைக்கும் சால்டர் லேசாக விட்டிருந்தால், அது முழுதாக விட்டுப்போவது தனிக் கணக்கு.

ஆட்டுவதற்கு முன் எங்கே கோளாறு என்று பார்க்கச் சொல்லியிருக்கலாமே? டைப்-சி போன்களில் அது கடினமல்ல. முதலில் வேறொரு நல்ல கேபிளைப் போட்டுப் பார்க்க வேண்டும். பிளக்கைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் கேபிள் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைத் தேயவிடுவதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். பாதிக் கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும். புதுக் கேபிளும் முழுதாக உள்ளே போகாமல், பிளக்கின் உலோகக் கழுத்து வெளியே தெரிந்தால், பை நூலும் தூசியும் அடியில் இறுகியிருக்கின்றன. முழுதாகப் போய் உட்கார்ந்தும் விட்டு விட்டு ஏறினால், அல்லது பிளக்கோடு பின்னும் சேர்ந்து ஆடினால், கோளாறு சால்டரில் அல்லது பின் பொருந்தியிருக்கும் சி.சி. போர்டு என்ற சிறு பலகையில்தான். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. பிளக்கைத் திருப்பிப் போட்டால் மட்டும் ஏறுகிறது என்றால், போனும் சார்ஜரும் பேசிக்கொள்ளும் தொடுப்புகளில் ஒரு பக்கம் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

குண்டூசி விஷயம் இன்னும் மோசம். டைப்-சி பின்னின் நடுவே மெல்லிய நாக்கு ஒன்று இருக்கிறது. இரு பக்கமும் 12 வீதம் 24 தொடுப்புகள். மின்சாரம் வரும் தொடுப்பும், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று சொல்லும் தொடுப்பும் பக்கத்துப் பக்கத்தில். ஊசி இரண்டையும் சேர்த்துத் தொட்டால் என்ன ஆகும் என்று குறிப்பு எழுதியவரைக் கேளுங்கள். ஷார்ட் ஆகாவிட்டாலும் தங்க முலாம் சுரண்டப்பட்டு, நாக்கும் வளையும். போனை அணைத்து, மரப் பல்குச்சியின் நுனியை இன்னும் மெல்லியதாகச் சீவி, நாக்கைத் தொடாமல் ஓரச் சுவரை ஒட்டி நெம்பினால் நூல் உருண்டையாக வரும். வாயால் ஊதக் கூடாது. எச்சில் ஈரம் உள்ளே போகும். சானிடைசரும் வேண்டாம்.

இப்படி எழுதுவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைக்கச் சொன்னதும் இதே பகுதிதான். அந்த அரிசித் தவிட்டை இன்றும் பின்களுக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். திரைக் கீறலுக்குப் பற்பசை தேய்க்கச் சொன்னதை விட்டுவிடுகிறேன். அப்போது எழுதிய கடிதம் இடமின்மையால் வெளிவரவில்லை. அதே பக்கத்தில் ராசிபலனுக்கு அரைப்பக்கம் இருந்தது.

பழுது பார்க்கும்வரை என்ன செய்வது என்பதையாவது போட்டிருக்கலாம். சார்ஜ் இருக்கும்போதே படங்களையும் தொடர்பு எண்களையும் வைஃபை வழியாக நகல் எடுத்துவிடுவதுதான் முதல் வேலை. பின் முழுதாகப் போனபிறகு அதற்கு வழி இருக்காது. வயர்லெஸ் சார்ஜிங் உள்ள போனுக்குக் கவலையே இல்லை. இல்லாதவர்கள் வேகச் சார்ஜரை ஒதுக்கிவிட்டு, 5 வோல்ட் 1 ஆம்பியர் பழைய சார்ஜரில், போனை அணைத்து, மேசைமேல் வைத்து, கண்ணெதிரில் ஏற்றலாம். மின்சாரம் பாதியானால் அந்த இடத்து வெப்பம் கால்பங்காகும். அதுவும் கேபிள் ஆடாமல் நின்றால் மட்டும். தலையணைக்கடியிலும் இரவிலும் கூடாது. பிளக் கையில் சுட்டாலோ, கருகல் வாடை வந்தாலோ, நாக்கு கறுத்திருந்தாலோ அதோடு நிறுத்திவிட வேண்டும். காந்தமுனைக் கேபிளும் தீர்வாகாது. அதன் துண்டும் அதே லூஸ் பின்னில்தான் உட்கார வேண்டும்.

ஆசிரியர் அவர்கள் அறியாததல்ல. குறிப்புகளை அச்சுக்கு முன் ஒருமுறை படிக்க மட்டும் நேரமில்லை போலும். முழுப் பக்கத் திருத்தம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு, அதே இடத்தில், அதே எழுத்தளவில், “ரப்பர் பேண்ட் வேண்டாம், குண்டூசி வேண்டாம்” என்று ஒரு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
கைபேசி பழுதுநீக்குநர்,
திருச்சி