த/பெ, க/பெ: வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ சரி என்று சொன்ன பிறகுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உன் பெயர், அவர் பெயர், தெருப் பெயர் எதுவும் இதில் வராது. நம் வீட்டு ஆட்கள் சிலர் இங்கே படிக்கிறார்கள். அவர்களுக்காகச் சில இடங்களில் பாதியோடு நிறுத்தியிருப்பேன், மீதி உனக்குப் புரியும்.

நேற்று நீ அனுப்பிய வாடகை ஒப்பந்த வரைவைப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே கண் நின்றுவிட்டது. உன் பெயருக்குப் பக்கத்தில் 'க/பெ' என்று போட்டு, இன்னும் கல்யாணம் ஆகாமல் நீ சேர்ந்து குடியேறப் போகிற அவர் பெயர். தட்டச்சு செய்தவர் கேட்டிருப்பார், நீ தலையாட்டியிருப்பாய். அந்த 'க' நான் சொல்லிக் கொடுத்தது.

அன்றைக்கு மாடிப்படியில் நின்றுகொண்டு போன் செய்தாய். குரலை அடக்கிப் பேசினாய். "அக்கா, ஓனர் என்ன உறவுன்னு கேக்கறாரு, என்ன சொல்ல?" பின்னால் மோட்டார் ஓடும் சத்தம், யாரோ பக்கெட் வைக்கும் சத்தம். என் வழக்கு அடுத்ததாக இருந்தது, கவுனை மாட்டிக்கொண்டே "கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லிடு" என்றேன். நீ மூன்று நொடி பேசவில்லை. பிறகு "சரிக்கா" என்றாய். அந்த மூன்று நொடியில் உனக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. தினமும் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்.

ஏன் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2010-இல் நடிகை குஷ்பு மீது போடப்பட்டிருந்த வழக்குகளை ரத்து செய்தபோது, வயது வந்த இருவர் மணமாகாமல் சேர்ந்து வாழ்வது குற்றம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில், 'திருமணம் போன்ற உறவு' என்றால் என்ன என்பதற்கு அளவுகோல்களும் கொடுத்தது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு உனக்குத் தேவைப்பட்டால் அந்த அளவுகோலைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். இருவரும் மணம் செய்யத் தகுதியுள்ளவர்களா, ஒரே வீட்டில் கணிசமான காலம் இருந்தார்களா, ஊர் உலகத்தின் முன் தம்பதி போல வாழ்ந்தார்களா என்று கேட்பார்கள். இந்தக் கடைசிக் கேள்வி என் மண்டையில் இருந்தது. தம்பதி என்று தெரிந்தால் உனக்குத்தானே நல்லது என்று நினைத்தேன்.

ஒளிக்காமல் சேர்ந்து வாழ்வது வேறு, கையெழுத்துப் போடும் தாளில் இல்லாத கணவனை எழுதுவது வேறு. ஓனர் இருவரின் ஆதார் நகலும் கேட்பார். உன்னுடையதில் சித்தப்பா பெயரும் ஊர் முகவரியும் இருக்கும். இன்றைக்கு அவர் கண்டுகொள்ளாமல் போகலாம். கீழ்வீட்டுக்காரர் ஏதாவது சொல்லும் நாளில் அதே நகலை எடுத்துப் பார்ப்பார். அப்போது நீங்கள் மணமாகாதவர்கள் என்பது சின்ன விஷயமாகி, பொய் சொன்னவர்கள் என்பது பெரிய விஷயமாகிவிடும். வாடகை பாக்கி இல்லை, வீட்டைக் கெடுக்கவில்லை என்று நிமிர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் நீங்கள் தலைகுனிந்து பெட்டி கட்டுவீர்கள்.

ஒப்பந்தத்துக்கு உறவு தேவையே இல்லை. பெயர், வயது, தந்தை பெயர், முகவரி போதும். உனக்கும் த/பெ, அவருக்கும் த/பெ. இருவரையும் 'வாடகைதாரர்கள்' என்று சேர்த்துக் குறிப்பிட வேண்டும். அவர் பெயரில் மட்டும் போட்டுவிட்டு நீ சும்மா இருந்துகொள்ளலாம் என்று புரோக்கர் சொன்னாராமே, அதைக் கேட்காதே. அனுமதியில்லாமல் வேறொருவரைக் குடிவைத்தார் என்று ஓனர் பிரச்சினை கிளப்ப அதுவே வழி. அதைவிட, நீங்கள் இருவரும் சண்டை போட்ட ஒரு ராத்திரி "இது என் வீடு" என்று அவர் சொல்லிவிட்டால், உன்னிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை என்பாய். இல்லைதான். யாரும் அந்த ராத்திரி வரும்வரை அப்படிச் சொல்கிறவர்கள் இல்லை.

உண்மையைச் சொன்னால் இந்த வீடு கைவிட்டுப் போகலாம், அதையும் மறைக்க மாட்டேன். மணமாகாதவர்களுக்குத் தர மாட்டேன் என்று ஓனர் சொன்னால், தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தாது. அதனால் இதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும். "நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், இன்னும் கல்யாணம் ஆகல, ஒப்பந்தத்துல ரெண்டு பேர் பேரும் வரும்" என்று ஒரே மூச்சில் சொல். விளக்கம் கேட்டால் மட்டும் விளக்கு. உள்ளே போன பிறகு நிலைமை வேறு. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் காலி செய்யச் சொல்வதற்கான காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. மணமாகவில்லை என்பது அந்த வரிசையில் இல்லை. கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் ஓனருக்கு உரிமை இல்லை. ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, tenancy.tn.gov.in தளத்தில் பதிவாகி, பதிவு எண் வந்திருக்க வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம்தானே என்று விட்டுவிடாதே.

அட்வான்ஸ் விஷயத்தில்தான் எனக்கு உன்மேல் கோபம். வாடகை 24,000, ஐந்து மாத அட்வான்ஸ் 1,20,000. வேறு பேச்சு இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பதுதான் சட்டம், நீங்கள் ஒத்துக்கொண்டதால் ஐந்து. அது போகட்டும். உன் பங்கு 60,000-ஐ அவருக்கு ஜிபே பண்ணிவிட்டு, அவர் கணக்கிலிருந்து மொத்தமாகப் போகட்டும் என்றாயாம். காலி செய்யும்போது பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அங்கேதான் திரும்பும். இரண்டு வருடம் கழித்து, ஒரு பிரிவின் நடுவில், ஒரு பழைய ஜிபே ஸ்கிரீன்ஷாட்டைத் தேடிக்கொண்டிருப்பாய். இருவரும் தனித்தனியாக ஓனர் கணக்குக்கே அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் இந்த வரியைச் சேர்க்கச் சொல்: "முன்பணத்தில் இருவரும் தலா ரூ. 60,000 செலுத்தியுள்ளனர்; திருப்பித் தரும்போது அவரவர் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும்." அதோடு இன்னொரு வரியும் வேண்டும். ஒருவர் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம், மற்றவர் அதே வாடகையில் தொடரலாம். இந்த வரி இல்லாவிட்டால் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' பொறுப்பு என்ற வழக்கமான வாசகம் உன்னை விடாது. நீ போன பிறகும் பாக்கியை உன்னிடம் கேட்பார்கள்.

மாதச் செலவைப் பாதிப் பாதி என்று முடிவு செய்திருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார். வாடகையும் பராமரிப்பும் 27,000, மளிகை, பால், காய், கேஸ் 11,000, கரண்ட் 2,000, வேலைக்கு வரும் அக்காவுக்கு 3,000, நெட் 1,000. மொத்தம் 44,000, ஆளுக்கு 22,000. அவர் கையில் வருவது 84,000, உனக்கு 56,000. பாதியைக் கொடுத்தால் அவருக்கு 62,000 மிஞ்சும், உனக்கு 34,000. சம்பள விகிதப்படி மூன்றுக்கு இரண்டு என்று பிரித்தால் அவர் 26,400, நீ 17,600. மிஞ்சுவது 57,600-ம் 38,400-ம். அதுதான் நியாயமாகப் படுகிறது எனக்கு, ஒரு நிபந்தனையோடு. குறைவாகக் கொடுப்பதால் சமையல் உன் பங்கு என்று எழுதாத ஒரு ஒப்பந்தம் உள்ளே நுழையும். முதல் மாதம் யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது மாதம் குக்கர் உன் கையில் இருக்கும், ஏன் என்று உனக்கே தெரியாது. விகிதத்தைப் பேசும் அதே உட்காரலில் காலை டிபன் யார், ராத்திரி பாத்திரம் யார் என்பதையும் பேசிவிடுங்கள்.

சண்டைக்கும் ஓர் இடம் வேண்டும். விடுதியில் இருந்தவரை கோபம் வந்தால் போனை வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாய். இனி அவர் அதே கட்டிலில் இருப்பார். பெரிய ஹாலோடு ஒற்றைப் படுக்கையறை இருப்பதைவிட இரண்டு சின்ன அறைகள் நல்லது. இரண்டாவது அறையில் ஒரு மெத்தை, ஒரு மின்விசிறி, தாழ்ப்பாள் வேலை செய்ய வேண்டும். நீ பார்த்திருக்கும் வீட்டில் இரண்டாவது அறையில் தாழ்ப்பாள் இல்லை, வீடியோவில் பார்த்தேன். கையெழுத்துக்கு முன் போட்டுத் தரச் சொல்.

இனி எழுதப்போவதைச் சுற்றி வளைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஊரிலிருந்து பெரியவர்கள் வருவார்கள். இப்போது யோசித்திருப்பது, அந்த மூன்று நாளும் ஒருவர் நண்பர் அறைக்குப் போய்விடுவது. அது எப்படி நடக்கும் என்று முழுக்கப் பார். ரேசர், இரண்டாவது டூத்பிரஷ், கொடியில் காயும் சட்டை, செருப்பு ஸ்டாண்டில் பத்தாம் நம்பர் செருப்பு, வாசலில் ஹெல்மெட், கொரியர் பெட்டியில் ஒட்டிய பெயர். ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பையில் போட வேண்டும். தான் வாடகை கொடுக்கும் வீட்டிலிருந்து தன் தடயத்தைத் தானே துடைத்துவிட்டுப் போகிறவர் முதல்முறை சிரித்துக்கொண்டே போவார். இரண்டாவது முறை பேசாமல் போவார். மூன்றாவது முறை "உங்க வீட்டுல எப்ப சொல்லப் போற?" என்று கேட்பார், நீ அதைச் சண்டையாக எடுத்துக்கொள்வாய். யார் வீட்டுப் பெரியவர்கள் வந்தால் யார் வெளியேறுவது, எத்தனை முறைவரை, எந்த மாதத்துக்குள் சொல்லிவிடுவது என்று இப்போதே பேசுங்கள். தேதி இல்லாத ரகசியத்தில் ஒருவர் மட்டுமே பை தூக்குவார்.

இன்னொன்றும் அப்போதே பேச வேண்டும். இது கல்யாணத்துக்கு முந்திய படி என்று நீ நினைக்கிறாய். ஒத்துவருகிறதா பார்க்கலாம் என்று அவர் நினைக்கலாம். இரண்டும் தப்பில்லை. ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றதையும் நினைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருப்பதுதான் உடைக்கும். நீ கேட்கப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சித்தி எனக்குப் போன் செய்கிறாள். நீ சாப்பிடுகிறாயா, இளைத்துவிட்டாயா என்று கேட்கிறாள். விடுதிச் சாப்பாடு பரவாயில்லையாம் என்று நான் பதில் சொல்கிறேன். எல்லோருக்கும் கடைசியாக என்னிடம் சொல்லிவிட்டு, முதல் பொய்யை என்னைச் சுமக்க வைத்தாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. வாயில் வந்ததை அன்றைக்குச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. எப்படியானாலும் சித்தியிடம் நீதான் சொல்ல வேண்டும், உன் வாயால், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல். நான் சொல்லிவிட்டால் அவள் என்னிடம் கேட்பாள், உன்னிடம் பேச மாட்டாள்.

வரைவைத் திருத்தி வியாழக்கிழமை ராத்திரிக்குள் அனுப்பு. எத்தனை மணியானாலும் பார்க்கிறேன். ஓனரிடம் பேச நான் வர வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை மதியம் வரை எனக்கு வழக்கு இல்லை.

அக்கா