இரண்டாம் தவணைக்கான உன் விண்ணப்பம்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய விண்ணப்பத்தைப் படித்தேன். "குடும்பச் சூழ்நிலை காரணமாகக் கட்டணம் செலுத்த இயலவில்லை, சிறிது கால அவகாசம் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். மரியாதையில் குறையே இல்லை. ஆனால் எவ்வளவு பாக்கி, எப்போது கட்டுவாய் என்பது அதில் இல்லையே அம்மா. அது தெரியாமல் கல்லூரி அலுவலகத்தில் இருப்பவர் முதல்வருக்கு என்ன குறிப்பு எழுதுவார்? கூட்டுறவுச் சங்கத்தில் இருபது வருஷம் மனு வாங்கியவன் நான். தேதி இல்லாத மனு கட்டுக்கு அடியில்தான் போகும்.

நம் நிலைமையை உள்ளபடியே சொல்லலாம். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாகிவிட்டது. பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், சில சமயம் இழுக்கும். பிப்ரவரி 10க்குள் வந்துவிடும் என்று நினைக்கிறேன், இருந்தாலும் நீ 25 என்று எழுது. சொன்ன தேதி தவறி இரண்டாவது மனு கொடுத்தால் அதை நம்ப மாட்டார்கள். வெறுங்கையோடும் போக வேண்டாம், நாளைக்கு 15,000 அனுப்புகிறேன். பகுதித் தொகையை வாங்குவார்களா என்று முதலில் கவுண்டரில் கேட்டுக்கொள். முழுத் தவணையாகத்தான் வேண்டும் என்றால் 35,000க்கும் சேர்த்து அவகாசம் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

இப்படி எழுதிப் பார்த்தேன்:

"பொருள்: நான்காம் பருவக் கட்டணம், இரண்டாம் தவணை – 25.02 வரை அவகாசம் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் இளங்கலை வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. இரண்டாம் தவணை ரூ.35,000-ஐ 31.01-க்குள் செலுத்த வேண்டும். அதில் ரூ.15,000-ஐ இப்போது செலுத்துகிறேன். என் தந்தை விவசாயி. 27.01 அன்று கொள்முதல் நிலையத்தில் கொடுத்த நெல்லுக்கான பணம் இன்னும் வரவில்லை, ரசீது நகலை இணைத்துள்ளேன். மீதி ரூ.20,000-ஐ 25.02-க்குள் செலுத்த அனுமதித்து, அதுவரை தாமதக் கட்டணம் விதிக்காமல் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் தவணையை உரிய நாளில் செலுத்திய ரசீது நகலும் இணைப்பில் உள்ளது."

தாமதக் கட்டணத்தை வெளிப்படையாகக் கேட்டுவிட வேண்டும். அவகாசம் மட்டும் கேட்டால் அதைக் கொடுத்துவிட்டு அபராதத்தையும் சேர்த்துவிடுவார்கள். பெயர், பதிவெண், என் கைபேசி எண் எல்லாம் கீழே வரட்டும். பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விடு, சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது போட்டுத் தருகிறேன்.

துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு அலுவலகத்தில் கொடு. 31 வரை வைத்திருக்காதே, கெடு முடிந்தபின் கொடுத்தால் அது அவகாசம் கேட்பதாகாது. இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் 'பெறப்பட்டது' முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள். அனுமதி கிடைத்தால் முதல்வர் எழுதிய குறிப்பைக் கைபேசியில் படம் எடுத்து வை. பருவத்தேர்வு நுழைவுச்சீட்டு வாங்கும்போது பாக்கி என்று யாராவது நிறுத்தினால் அதைக் காட்டலாம்.

நெல் பணம் முன்னாடியே வந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன், நீயும் 25 வரை பார்க்காமல் கட்டிவிடு.

அன்புடன்,
அப்பா