எட்டடிப் பலகையும் ஒற்றை வரி அறிவிப்பும்: விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலய விழாக் குழுவினருக்கு,

வணக்கம்.

விழா முடிந்து பந்தலும் பிரித்தாகிவிட்டது. நுழைவாயிலில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பு மட்டும் இன்னும் சுவரில் இருக்கிறது. "முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு இருக்கை, சாய்வுத்தளம், தொண்டர் உதவி ஆகிய வசதிகள் செய்யப்பட்டுள்ளன" என்கிறது அது. எந்த வாசலில், எந்த நேரத்தில், யாரைக் கேட்க வேண்டும் என்ற விவரம் அதில் இல்லை. அந்த வரியை நம்பி என் தாயைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தேன். அதன் பிறகு நடந்ததை நான் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. உங்களில் சிலர் அப்போது படிகளுக்கு மேலே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

ஆகவே அந்தச் சாய்வுத்தளத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கூட்டம் கலைந்த மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அளந்தேன். முன்வாசலில் நான்கு படிகள். ஒவ்வொன்றும் 15 செ.மீ. என மொத்த உயரம் 60 செ.மீ. அதன்மேல் நீங்கள் சாய்த்து வைத்திருந்த பலகையின் நீளம் எட்டடி, அதாவது 2.4 மீட்டர். சரிவைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1:4 வருகிறது. ஒரு அடி உயர நான்கே அடி தூரம். சக்கர நாற்காலிக்கான சாய்வுத்தளம் 1:12-ஐ விடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது பல நாடுகளின் கட்டட விதிகளில் உள்ள வரம்பு. அந்தக் கணக்கில் உங்கள் நான்கு படிகளுக்கு 7.2 மீட்டர் நீளம் தேவை. நீங்கள் வைத்தது அதில் மூன்றில் ஒரு பங்கு.

இது ஏதோ நூலில் இருக்கும் நுணுக்கம் என்று தோன்றலாம். தள்ளுகிறவரின் கைக்கு இது வேறு விஷயம். அம்மாவும் நாற்காலியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:12 சரிவில் அந்த எடையைக் கீழே உருளாமல் நிறுத்தி வைக்க ஏழு கிலோவைத் தூக்கும் பலம் போதும். 1:4 சரிவில் அதற்கே கிட்டத்தட்ட இருபது கிலோ பலம் வேண்டும். நிறுத்தி வைக்க மட்டுமே இவ்வளவு. மேலே தள்ள இன்னும் வேண்டும். அத்தனை சரிவில் உட்கார்ந்திருப்பவரின் பாரமும் பின்னால் சாய்கிறது. முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்ப, நாற்காலி பின்பக்கமாகக் கவிழப் பார்க்கும். இறங்கும்போது முகம் முன்னால் இருந்தால் அமர்ந்திருப்பவர் இருக்கையிலிருந்து வழுக்கி விழக்கூடும். போதாக்குறைக்குப் பலகையின் கீழ்முனை தரையோடு படியவில்லை. இரண்டு விரல் தடிமனுக்கு ஒரு விளிம்பு நின்றது. முன்சக்கரங்கள் சிறியவை. அந்த விளிம்பில் முட்டியவுடன் நாற்காலி அப்படியே நின்றுவிட்டது.

நின்றவுடன் உங்கள் தொண்டர்கள் நால்வர் ஓடி வந்தார்கள். நல்ல பிள்ளைகள், அவர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. "தூக்கிவிடலாம் ஐயா" என்றார்கள். அம்மாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் தூக்கியும் விட்டார்கள். இருவர் பிடித்தது நாற்காலியின் கைப்பிடிகளை. அந்த வகை நாற்காலிகளில் கைப்பிடி கழற்றக்கூடியது. கட்டிலுக்கு மாறும்போது எடுத்துவிடுவதற்காகவே அப்படிச் செய்திருப்பார்கள். தூக்குகிறவர் பிடிக்க வேண்டியது கழலாத இரும்புச் சட்டத்தை. இதை யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. மூன்றாம் படியில் இடது கைப்பிடி கழன்று ஒருவர் கையோடு வந்துவிட்டது. பின்னால் நின்றவர் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. கூட்டத்தில் யாரோ இதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அம்மா சொன்னது இதுதான்: "விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மூட்டையைத் தூக்குகிற மாதிரி அத்தனை பேர் முன்னால் தூக்கினார்களே."

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த விழாவின் அறிவிப்பில் சாய்வுத்தளம் எந்த வாசலில் இருக்கிறது, எவ்வளவு நீளம், எவ்வளவு சரிவு என்று எண்ணால் எழுதுங்கள். "வசதி செய்யப்பட்டுள்ளது" என்பதை யாரும் எப்போதும் எழுதிவிடலாம். "சரிவு 1:4" என்று எழுத எந்தக் குழுவுக்கும் கை வராது. எழுதத் தயங்கும் எண் உங்களைச் சரியான பலகையிடம் கொண்டுபோய் விடும்.

முன்வாசலில் 7.2 மீட்டர் நீட்ட இடமில்லை என்பீர்கள். உண்மைதான், நேராக நீட்டினால் பலகை தெருவின் நடுவில் போய் நிற்கும். பாதித் தூரத்தில் ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். அதற்குச் செலவும் ஆகும், கூட்ட நேரத்தில் வாசலையும் அடைக்கும். அதைக் கேட்க நான் வரவில்லை. பின்வாசலையும் அளந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பொருள்கள் ஏற்றி வரும் தள்ளுவண்டிகள் நுழைகிற அந்த வாசலில் ஒரே ஒரு படி. உயரம் 15 செ.மீ. அதே எட்டடிப் பலகையை, ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல், அங்கே கொண்டுபோய் வையுங்கள். சரிவு 1:16 ஆகிவிடும். 80 கிலோவை நிறுத்தி வைக்க ஐந்து கிலோ பலம் போதும். ஓர் ஆள் பேசிக்கொண்டே தள்ளிப் போகலாம். பலகையில் குற்றமில்லை, நீங்கள் வைத்த இடம்தான் தவறு.

அங்கும் செய்ய வேண்டியவை சில உண்டு. பலகை அசையாதபடி மேல்முனையைப் பிணைக்க வேண்டும். கீழ்முனையைத் தரையோடு படியும்படி இழைக்க வேண்டும். சக்கரம் நழுவி வெளியே போகாமலிருக்க இரு ஓரத்திலும் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு சட்டம் அடிக்க வேண்டும். மேலே கம்பளம் விரிக்கவே வேண்டாம். கம்பளம் சுருங்கினால் சக்கரம் அதில் புதையும், ஊன்றுகோல் வழுக்கும். அரை நாள் தச்சு வேலை. பலகை ஏறுமிடத்திலும் இறங்குமிடத்திலும் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வெற்றிடம் வேண்டும். தடங்கல் இங்கேதான் வருகிறது. அந்த இடத்தில் விழா நாள்களில் சிறப்பு விருந்தினர்களின் கார்கள் நிற்கின்றன.

அன்றும் நின்றன. பின்வாசலைத் திறக்க முடியுமா என்று கேட்டதற்கு, "விருந்தினர் வருகிற வழி அது" என்று பதில் வந்தது. விருந்தினர்கள் நடக்கக்கூடியவர்கள். அவர்கள் ஏறிய மேடையையும் பார்த்தேன். அகலமான, தாழ்வான படிகள், இரண்டு பக்கமும் உறுதியான கைப்பிடி, விளிம்பு தெரிய வெள்ளைப் பட்டை. அத்தனை அருமையான வேலை. ஆகவே நம் தச்சருக்குத் தெரியாமல் போகவில்லை. யாருக்கு என்று கேட்டுக்கொண்டு செய்திருக்கிறார், அவ்வளவுதான். முதியோருக்கென்று போட்டதாக நீங்கள் சொன்ன இருக்கைகளும் அந்த மேடைக்கு முன்னால்தான் இருந்தன. அவற்றில் அமர்ந்திருந்தவர்கள் முதியவர்களாக இருந்திருக்கலாம். முடிக்கு நல்ல சாயம் பூசியிருந்ததால் எனக்குத் தெரியவில்லையோ என்னவோ.

கோபத்தில் மரியாதை தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இருக்கையைப் பற்றி அமைதியாகவே ஒன்று சொல்கிறேன். முழங்கால் தேய்ந்தவருக்கு வரிசை முடியும் இடத்தில் நாற்காலி போட்டுப் பயனில்லை, வரிசையில் நிற்பதுதான் அவருக்கு முடியாத காரியம். நுழையும்போதே ஓர் எண் சீட்டைக் கொடுத்து, உட்கார வைத்து, முறை வரும்போது அழைத்தால் போதும். யாரையும் முந்திப் போக அவர்கள் கேட்கவில்லை. நாற்காலியும் கைப்பிடியுள்ளதாக இருக்கட்டும். கைப்பிடியை ஊன்றாமல் எழ முடியாதவர்கள்தான் அதைத் தேடி வருகிறார்கள். முறையை ஒலிபெருக்கியில் மட்டும் அறிவித்தால் காது கேளாதவருக்கு எட்டாது. எண்ணை அட்டையில் எழுதியும் காட்டுங்கள்.

"பக்தியோடு செய்கிற இடத்தில் உரிமை, சட்டம் என்று பேசலாமா?" என்று உங்களில் ஒருவர் அன்று கேட்டார். 2006-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு, பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இடங்களில் மற்றவர்களுக்குச் சமமாக அவர்களும் நுழைய வழி இருக்க வேண்டும் என்கிறது. தனியார் நடத்தும் இடங்களையும் அது விட்டுவைக்கவில்லை. பக்தியால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அந்தப் பக்தி பலகையை எந்த வாசலில் வைக்கிறது என்பதை நாங்கள் கேட்கத்தான் செய்வோம்.

எழுதச் சிரமமாக இருந்தால் அறிவிப்பை இப்படி வைத்துக்கொள்ளலாம்: "சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலுடனும் வருவோர் பின்வாசல் வழியாக வரலாம். ஒரு படி, சாய்வுத்தளம் 2.4 மீட்டர் நீளம், சரிவு 1:16. அகலம் 90 செ.மீ. விழா நேரம் முழுவதும் இரண்டு தொண்டர்கள் இங்கேயே இருப்பார்கள். வந்தவரிடம் கேட்டுவிட்டே நாற்காலியைத் தொடுவார்கள். யாரையும் தூக்கிச் செல்ல மாட்டார்கள். இங்கே வாகனங்கள் நிறுத்த அனுமதியில்லை." இதைப் பெரிய எழுத்தில், அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், படிகளுக்கு மேலே அல்லாமல் தெருமுனையிலேயே வையுங்கள். படியேறி வந்து படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அறிவிப்பு யாருக்கு? கண் தெரியாதவர்களுக்காக ஒலிபெருக்கியிலும் இதே விவரத்தைச் சொல்லுங்கள்.

"இருக்கை, சாய்வுத்தளம், உதவி செய்யப்பட்டுள்ளன" என்ற பழைய வரி மட்டும் மீண்டும் வேண்டாம். எந்த வாசல், எவ்வளவு நீளம், எவ்வளவு சரிவு என்பதை எழுதுங்கள். எழுத முடியாதென்றால் சாய்வுத்தளம் இல்லை என்றாவது எழுதிவிடுங்கள். வீட்டிலிருந்தே வணங்கிக்கொள்வோம். நம்ப வைத்து அழைத்து வந்து மூன்றாம் படியில் தொங்க விடாதீர்கள்.

அடுத்த அறிவிப்பை அச்சுக்கு அனுப்பும் முன் அதன் படி ஒன்றை எனக்குக் கொடுத்து, பின்வாசலில் ஒருமுறை பலகையை வைத்துப் பார்க்கவும் இசையுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். டேப்பையும் நாற்காலியையும் நானே கொண்டு வருகிறேன். குழுவில் ஒருவர் அதில் அமர்ந்தால் போதும், தள்ளுவது நான்.

இப்படிக்கு,
நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த மகன்