முகாம் படிவத்தில் ஒரு கேள்வி சேருங்கள்: அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் ஒரு மருந்தாளுநர். சங்கங்கள் நடத்தும் இலவச மருத்துவ முகாம்களில் மருந்துப் பட்டியலைச் சரிபார்க்கும் மேசையில் உட்காருகிறவர்களில் ஒருவர். படிவத்தில் "தற்போது உட்கொள்ளும் மருந்துகள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. மெட்ஃபார்மின், லோசார்டான், தைராய்டு மாத்திரை எல்லாவற்றையும் நம் பெரியவர்கள் ஒழுங்காக எழுதிவிடுகிறார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தாங்களாகவே கடையில் வாங்கும் ரெட் ஈஸ்ட் ரைஸ் மாத்திரையை மட்டும் யாரும் எழுதுவதில்லை. வாய்விட்டுக் கேட்டால்தான் வருகிறது: "ஆமாம், அது சாப்பிடுகிறேன். அது மருந்து இல்லையே, அரிசிதானே?"

நம் வீட்டுச் சிவப்பரிசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. வெந்த வெள்ளை அரிசியில் மோனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்தால் அரிசி ரத்தச் சிவப்பாகிவிடும். சீனச் சமையலில் நிறத்துக்காக நெடுங்காலமாகச் சேர்க்கிறார்கள். 1979-இல் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ இந்தப் பூஞ்சை இனத்திலிருந்து மோனகோலின் கே என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். வேறொரு பூஞ்சையிலிருந்து ஓர் அமெரிக்க நிறுவனம் எடுத்த பொருளும் அதுவும் ஒன்றே என்பது பிறகு தெரிந்தது. அந்தப் பொருள்தான் லோவாஸ்டாடின். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மருந்துகளில் முதலாவதாக 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை அது.

ஆக, "ஸ்டாடின் வேண்டாம், இயற்கையாக எதையாவது பார்க்கிறேன்" என்று இந்தக் குப்பியை வாங்குகிறவர் ஸ்டாடினைத்தான் விழுங்குகிறார். கொலஸ்ட்ரால் குறைந்தால் அதனால்தான் குறைகிறது. என்ன, எவ்வளவு விழுங்குகிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

குப்பியில் 600 மில்லிகிராம் என்றோ 1200 மில்லிகிராம் என்றோ போட்டிருக்கிறதே என்பீர்கள். அது அரிசித் தூளின் எடை. அதற்குள் எவ்வளவு மோனகோலின் கே இருக்கிறது என்பது லேபிளில் பெரும்பாலும் இருக்காது. இது வெறும் அலட்சியம் இல்லை, சட்டம் கொண்டுவந்து விட்ட இடம். 1998-இல் கொலெஸ்டின் என்ற ரெட் ஈஸ்ட் ரைஸ் தயாரிப்பை, லோவாஸ்டாடின் இருப்பதால் அது அனுமதி பெறாத மருந்து என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அறிவித்தது. வழக்கு இழுத்துக்கொண்டு போய் 2001-இல் எஃப்டிஏ பக்கம் முடிந்தது. அதன் பிறகு, மோனகோலின் அளவை லேபிளில் பெருமையாகப் போடும் நிறுவனம் தானே மாட்டிக்கொள்ளும். போடாமல் விற்கிறவருக்குத் தொந்தரவு குறைவு. வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே எண் இப்படித்தான் லேபிளிலிருந்து போய்விட்டது.

2017-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் கடைகளில் வாங்கிய 28 பிராண்டுகளைச் சோதித்தார்கள். இரண்டில் மோனகோலின் கே இல்லவே இல்லை. மற்றவற்றை லேபிளில் சொன்னபடி சாப்பிட்டால் ஒரு நாளுக்கு 0.09 மில்லிகிராம் முதல் 10.94 மில்லிகிராம் வரை உள்ளே போகும். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! லோவாஸ்டாடின் மாத்திரையின் மிகச் சிறிய அளவே 10 மில்லிகிராம்தான். ஒருவருக்குக் கிடைப்பது வெறும் அரிசி, அடுத்தவருக்குக் கிடைப்பது ஒரு முழு மாத்திரை. பிராண்டை மாற்றினால் அளவும் சொல்லாமல் மாறிவிடும்.

இதில் என்னைப் பயமுறுத்துவது அளவைவிட வேறொன்று. ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது எழுபதை நெருங்குகிறது. அட்டோர்வாஸ்டாடின் சாப்பிட்டுத் தொடை வலி வந்ததால் மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிட்டார். பிறகு யாரிடமும் சொல்லாமல் ரெட் ஈஸ்ட் ரைஸைத் தொடங்குகிறார். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் குறைகிறது, அவருக்கு மகிழ்ச்சி. குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி. அர்ஜென்ட் கேரில் கிளாரித்ரோமைசின் எழுதித் தருகிறார்கள். லோவாஸ்டாடினை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை இந்த ஆன்டிபயாடிக் முடக்கிவிடும். ரத்தத்தில் லோவாஸ்டாடின் பல மடங்கு ஏறும். அதனால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பது விதி.

அவர் பெயரில் லோவாஸ்டாடின் பதிவாகியிருந்தால், சீட்டை ஏற்றியதுமே எங்கள் கணினித் திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்திருக்கும். மருத்துவரைக் கூப்பிட்டு மருந்தை மாற்றியிருப்போம். ஆனால் அவர் அதைக் காஸ்ட்கோ அலமாரியிலிருந்தோ இணையத்திலிருந்தோ வாங்கியிருக்கிறார். கணினிக்குத் தெரியாது. எச்சரிக்கை வராது. மாத்திரையைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவோம். இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளிலும் கிரேப்ஃப்ரூட் சாற்றிலும் இதே சிக்கல் உண்டு. சிலர் ஏற்கெனவே ஒரு ஸ்டாடின் சாப்பிட்டுக்கொண்டே இதையும் சேர்த்துக்கொள்கிறார்கள், அது இன்னொரு கதை.

அப்புறம் என்ன நடக்கும்? முதலில் இரண்டு தொடைகளிலும், தோள்களிலும் வலி. ஒரு பக்கம் மட்டும் வலித்தால் பெரும்பாலும் வேறு காரணம். பிறகு பலவீனம்: நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருக்கும், மாடிப்படி கனக்கும். அரிதாகத் தசை நார்கள் உடைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலக்கும். சிறுநீர் கோலா நிறமாகும். சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்கு இது போகலாம். சிகே என்ற எளிய ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் "வயசாகிறதல்லவா" என்று விட்டால் அந்தப் பரிசோதனையை யார் எழுதுவார்? சிறுநீர் கறுத்தால் காத்திருக்கக் கூடாது, அன்றே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும், குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு.

சிறுநீரகத்துக்குத் தசை வழியாக வராத ஆபத்தும் உண்டு. மோனாஸ்கஸில் சில வகைகள் சிட்ரினின் என்ற நஞ்சை உண்டாக்கும். 2010-இல் வெளியான ஆய்வில் சோதித்த 12 தயாரிப்புகளில் நான்கில் அது இருந்தது. 2024 மார்ச்சில் ஜப்பானில் கோபயாஷி நிறுவனம் தன் ரெட் ஈஸ்ட் ரைஸ் மாத்திரைகளைத் திரும்பப் பெற்றது. சாப்பிட்டவர்களில் நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், பலருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. அங்கே குற்றவாளி சிட்ரினின் அல்ல, ஸ்டாடினும் அல்ல. ஆலையில் புகுந்த ஒரு நீலப்பூஞ்சை, பியூபெருலிக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்கியிருந்தது. பூஞ்சையை வளர்த்துச் செய்யும் பொருளில் வேண்டாத பூஞ்சையும் சேர்ந்து வளரலாம். இத்தனைக்கும் அது பெயர் பெற்ற நிறுவனம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் ஒரு நாளுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் மோனகோலின் இருக்க வேண்டும் என்றது. எழுபது வயதைத் தாண்டியவர்களும், கர்ப்பிணிகளும், கொலஸ்ட்ரால் மருந்து சாப்பிடுகிறவர்களும் தொடக்கூடாது என்று லேபிளில் எழுதவும் வைத்தது. நம் கடைகளில் அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

சங்கங்களால் சட்டத்தை மாற்ற முடியாது, சரி. படிவத்தை மாற்ற முடியும். "மருந்துகள்" கட்டத்துக்குக் கீழே, "மருத்துவர் எழுதித் தராமல் நீங்களாக வாங்கிச் சாப்பிடுபவை, குறிப்பாகக் கொலஸ்ட்ராலுக்கு" என்று தமிழிலேயே ஒரு வரி போடுங்கள். முகாம் அழைப்பில், வீட்டிலுள்ள எல்லாக் குப்பிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். ரெட் ஈஸ்ட் ரைஸ் இருந்தால் அவரை எங்கள் மேசைக்கு அனுப்புங்கள். திட்ட மாட்டோம். அவர் வழக்கமாக மருந்து வாங்கும் பார்மசிக்கு ஃபோன் செய்து, அதை அவர் மருந்துப் பட்டியலில் ஏற்றச் சொல்வோம். அடுத்த சீட்டு வரும்போது எச்சரிக்கை வர அது போதும்.

ஸ்டாடினால் தசைவலி வந்து நிறுத்தியவர்களுக்கு ஒரு தகவலும் அதே மேசையில் உண்டு. வேறொரு ஸ்டாடினைச் சிறிய அளவில் தொடங்கலாம், ஸ்டாடினே அல்லாத எஸட்டிமைப் என்ற கொலஸ்ட்ரால் மருந்தும் இருக்கிறது. இரண்டிலும் அளவு அட்டையிலேயே அச்சாகியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் முகாம் மேசையில் உட்காரும் ஒரு மருந்தாளுநர்