தேங்கிக் கிடக்கும் நட்புக் கோரிக்கைகள்: எங்கள் பழைய மாணவர் சங்க நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர் அவர்களுக்கும் சங்கத்தின் முகநூல் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பிமாருக்கும்,

வணக்கம். ஆண்டு விழாவுக்கு முதற்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு அழைப்புப் போய்ச் சேரவேண்டும் என்று, வருடக்கணக்காகத் தேங்கிக் கிடந்த நட்புக் கோரிக்கைகளை ஒரே இரவில் வரிசையாக ஏற்றுக்கொண்டீர்கள். நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த இரவில் உள்ளே வந்த ஒருவரால் எங்கள் ஊர் அக்கா ஒருவர் தன் சங்கிலியை அடகு வைத்துவிட்டு நிற்கிறார். அதற்குப் பிறகும் அந்தப் பட்டியலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே கேட்கிறேன்: அன்று ஏற்றவற்றையும் இன்னும் கிடப்பவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆள் இன்னார்தான் என்று உறுதியாகாததை நீக்குங்கள்.

அந்த அக்காவின் மகன் எங்களோடு படித்தவன். 2009 யுத்தத்தில் போய்விட்டான். இடப்பெயர்வில் வீட்டு அல்பங்கள் எல்லாம் அழிந்து, அவனுடைய படம் ஒன்றுகூட அவரிடம் இருக்கவில்லை. வெளிநாட்டில் இருந்த ஒருவரிடம் தப்பியிருந்த வகுப்புப் படத்தை நீங்கள் முகநூலில் ஏற்றினீர்கள். கீழே வரிசை வரிசையாகப் பெயர்களும் எழுதினீர்கள். அதைப் பார்க்கத்தான் மகளிடம் சொல்லி அவர் ஒரு கணக்கே திறந்தார். என்னுடைய ரீலோட் கடைக்கு வந்தால் போனைத் தந்து, "அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கி விடு பிள்ளை" என்பார். இரண்டாம் வரிசையில், கொலர் பொத்தான் பூட்டியபடி நிற்கிறான். வன்னியில் எத்தனையோ தாய்மாருக்கு மிச்சம் அப்படி ஒரு படம்தான். அந்த அல்பத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

நண்பர்கள் மட்டும் பார்க்கலாம் என்றிருந்த அந்த அல்பத்தை, விழாவுக்குப் பிறகு முன்பின் தெரியாதவர்களும் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அக்காவுக்கு எழுதினார்: "அம்மா, படத்தில் உங்கட மகனுக்குப் பக்கத்தில் நிற்கிறது நான்தான். இப்ப கனடாவில இருக்கிறன்." பெயர் சரி, வகுப்புச் சரி, பொது நண்பராகப் பாடசாலையின் கணக்கே நின்றது. பிறகென்ன, பொதி ஒன்று அனுப்பியிருக்கிறேன், கொழும்பில் சுங்கத்தில் நிற்கிறது, காசு கட்டினால் விடுவார்கள் என்ற வழமையான கதை. அக்கா கட்டினார். இரண்டாம் தரமும் கேட்டபோது என்னிடம் கைமாற்றுக் கேட்டு வந்ததால்தான் விசயம் வெளியில் வந்தது.

சங்கத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார், "அது பழைய கோரிக்கை, புதுசா வந்த கள்ளன் இல்லை" என்று. இதுதான் ஆபத்தான நினைப்பு. நட்புக் கோரிக்கை தானாகக் காலாவதியாவதில்லை. நாங்கள் ஏற்கும்வரை அல்லது நீக்கும்வரை கிடக்கும். அது கிடக்கும் காலத்தில் அனுப்பியவர் தன் பெயரை மாற்றலாம், படத்தை மாற்றலாம், கணக்கே வேறொருவர் கைக்குப் போகலாம். ஒருமுறை பெயரை மாற்றினால் 60 நாளைக்கு மறுபடி மாற்றமுடியாது, கட்டுப்பாடு அவ்வளவுதான். உங்கள் பட்டியலில் தெரிவது அன்று அனுப்பியவரின் பெயரல்ல, அந்தக் கணக்கு இன்று வைத்திருக்கும் பெயர்.

இந்த ஆளின் கணக்கை நான் திறந்து பார்த்தேன். மேலே எங்கள் வகுப்புத் தோழனின் பெயர். ஆனால் கணக்கின் முகவரியில் facebook.com என்பதற்குப் பிறகு இருந்தது சம்பந்தமே இல்லாத வேற்றுநாட்டுப் பெயர். மேலே உள்ள பெயரை மாற்றும்போது இந்த முகவரி தானாக மாறுவதில்லை. பலர் அதை மாற்ற மறந்துவிடுவார்கள். முகப்புப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போனால், எங்கள் தோழனின் படங்கள் எல்லாம் ஒரே நாளில் ஏற்றப்பட்டவை. அதற்கும் முந்திய ஒரு பிறந்தநாள் பதிவில் நண்பர்கள் வேறு மொழியில், வேறு பெயர் சொல்லி வாழ்த்தியிருந்தார்கள். இவ்வளவையும் பார்க்க ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் போதும்.

பொது நண்பர்களின் எண்ணிக்கையை நம்பாதீர்கள். அந்தப் பொது நண்பர்களும் பாடசாலைக் கணக்கு ஏற்றிருக்கிறதே என்று பார்த்துத்தான் அவரை ஏற்றிருக்கிறார்கள்.

அதேநேரம், முகம் தெரியாத கணக்கெல்லாம் கள்ளக் கணக்கு என்று வெட்டவும் வேண்டாம். எங்கள் ஆட்களில் பலர் பயத்தில் சொந்தப் பெயர் போடுவதில்லை. சாமி படம், பிள்ளையின் படம், பூப்படம்தான் வைத்திருப்பார்கள். அப்படிப்பட்டவரிடம் கேட்டுப் பாருங்கள். பெயரையும் வகுப்பையும் கேட்காதீர்கள், அவை படத்தின் கீழேயே இருக்கின்றன. மீள்குடியேறிய பிறகு பள்ளி திறந்தபோது எந்த மரத்தடியில் வகுப்பு நடந்தது, தண்ணீர் எங்கே அள்ளினோம், இப்படிக் கேளுங்கள். அதற்கும் மேலாக, அவரோடு படித்த, உங்களுக்கு நேரில் தெரிந்த ஒருவருக்கு ஒரு அழைப்பு எடுத்து விசாரியுங்கள்.

தெரியாததை அப்படியே விட்டுவைப்பதும் தீர்வல்ல. கோரிக்கை அனுப்பியவர், நாங்கள் ஏற்காவிட்டாலும், பொதுவில் போடும் பதிவுகளைப் பின்தொடர்பவராக இருக்கலாம். Delete அழுத்தினால் அவருக்கு அறிவித்தல் போகாது. யாருடைய மனமும் நோகாது. ஏற்கனவே ஏற்றவரை நண்பர் பட்டியலிலிருந்து எடுத்தாலும் அப்படித்தான், அல்பமும் அத்தோடு அவருக்கு மூடிவிடும். அவர் ஏற்கனவே எடுத்து வைத்திருக்கும் படத்தை மட்டும் எங்களால் திருப்பி வாங்கமுடியாது. அதனால்தான் நாள் கடத்தவேண்டாம் என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். பெற்றோர் கூட்டமா, உதவித்தொகைப் பட்டியலா, மரண அறிவித்தலா, இன்று எல்லாமே முகநூலில்தான். போன் பிடிக்கவே பழகாத தாய்மாரையும் "கணக்குத் திறவுங்கோ" என்று இழுத்தது நாங்கள்தான். ஏமாந்த பிறகு அவர்களையே "விசரி, கண்டவனையும் நம்பினியே" என்று ஏசுகிறோம். அந்த அக்கா கண்டவனை நம்பவில்லை. தன் மகன் படித்த பள்ளிக்கூடத்தை நம்பினார். முறைப்பாடு கொடுக்கப் போனபோது அந்தக் கணக்கே காணாமல் போயிருந்தது. சங்கத்திலிருந்து ஒருவர்கூட அவர் வீட்டுப் படி ஏறவில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

மரியாதையோடு மறுபடியும் கேட்கிறேன். ஏற்றவற்றையும் கிடப்பவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அது முடியும்வரை, கோரிக்கை அனுப்பக்கூடியவர்களை Friends of friends என்றும், நண்பர் பட்டியலை Only me என்றும் மாற்றி வையுங்கள். ஆனால் கள்ள நண்பர்கள் உள்ளே இருக்கும்வரை முதலாவது அரைப் பாதுகாப்புத்தான். பிறகு சங்கத்துக்கென்று ஒரு பக்கத்தைத் திறந்து அறிவித்தல்களை அங்கே மாற்றுங்கள். பக்கத்தைப் பின்தொடர யாரும் நட்புக் கோரிக்கை அனுப்பத் தேவையில்லை. பெயர் எழுதிய படங்களை மட்டும் பக்கத்தில் போடவேண்டாம், பக்கத்தில் போடுவதை எல்லோரும் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானத்துக்குப் பிறகு கடை பூட்டு. செயலாளர் நாளைச் சொன்னால் நானும் வந்து இருக்கிறேன். எங்கள் வகுப்புப் பெயர்களை நான் பார்த்துத் தருவேன். அந்த அக்காவிடமும் ஒருமுறை போய்ப் பேசுங்கள்.

இப்படிக்கு,
பழைய மாணவி ஒருவர்,
ஏ-35 வீதி, விசுவமடு.