தோட்டத்து அறைக்கு மண் சுவர்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்: பலகைகளுக்கு நடுவே சிமெண்ட் கலந்த மண்ணைக் கொட்டி, இடித்து இறுக்கிச் சுவர் எழுப்புவது.

என் தோட்டத்து அறை முடிந்துவிட்டது. உள்ளளவு 10 அடிக்கு 8 அடி, சுவர் 1 அடி கனம், 7 அடி உயரம். எவ்வளவு மண் வேண்டும் என்று கேட்டிருந்தாய், நான் கோட்டைவிட்டது அங்கேதான். நாலு சுவரின் நடுக்கோட்டு நீளம் 40 அடி, அதனால் 280 கன அடி. கதவுக்கும் ஜன்னலுக்கும் 33 கழித்தால் 247. அந்தக் கணக்கை வைத்து இரண்டரை யூனிட் இறக்கினேன், சுவர் நாலரை அடி வந்தபோது குவியல் காலி. அந்த 247 கன அடி இடித்து இறுகிய மண், லாரியில் வருவதோ பொலபொலவென்று இருக்கும் மண். தளர்வாக 6 அங்குலம் கொட்டி இடித்தால் முக்கால்வாசிகூட நிற்காது, மூன்றே முக்கால் அங்குலம்தான். ஆக 1.6 ஆல் பெருக்க வேண்டும்: 395 கன அடி, அதாவது 4 யூனிட். அப்புறம் வாங்கிய மண் வேறு இடத்து மண், நிறம் கொஞ்சம் மங்கல், இப்போதும் நெஞ்சு உயரத்தில் ஒரு பட்டையாகத் தெரிகிறது. நீ மொத்தத்தையும் ஒரே நாளில், ஒரே இடத்திலிருந்து இறக்கிக்கொள்.

ஆனால் உன் கொல்லைக் கரிசல் வேண்டாம். அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், மண்ணோடு கலக்கும் கொஞ்சம் சிமெண்ட் அதைப் பிடித்து நிறுத்தாது. சரளை கலந்த செம்மண் பார். மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு, வேரும் மக்கும் இல்லாத அடிமண்ணை எடுக்கச் சொல். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால் மணல் அடியில், வண்டல் நடுவில், களி மேலே படியும். என் மண்ணில் களி அதிகம், அதனால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு எம்-சாண்ட் சேர்த்தேன். களி ஐந்தில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது.

சிமெண்ட், மண்ணின் எடையில் 6 சதவீதம் போட்டேன். இறுகிய சுவர் ஏறத்தாழ 14 டன், அதற்கு 840 கிலோ, 17 மூட்டை. கலக்கும்போது கால் மூட்டைக்கு 6 கன அடி மண், அதற்கு மேல் ஒரே நேரத்தில் கலக்காதே. ஈரம் பட்ட நிமிடத்திலிருந்து சிமெண்ட் இறுக ஆரம்பிக்கும், ஒரு மணி நேரத்துக்குள் இடித்து முடிக்காத கலவையைத் தூக்கிப்போட மனசு வராது, ஆனால் போட்டுத்தான் ஆக வேண்டும். முதலில் உலர்வாகவே நிறம் ஒன்றாகும் வரை புரட்டு, பிறகு தண்ணீர் தெளி. கைப்பிடி உருட்டி நெஞ்சு உயரத்திலிருந்து போட்டுப் பார்: நாலைந்து துண்டாக உடைந்தால் பதம், பொடியானால் ஈரம் போதவில்லை, உருண்டையாகவே கிடந்தால் தண்ணீர் கூடிவிட்டது. தண்ணீர் கூடிய கலவையில், மண்ணை இடிக்கும் திமிசுக்கட்டை ரப்பரில் அடித்த மாதிரி எம்பும். பதமான அடுக்கு இறுகும்போது "டொப்" சத்தம் மாறிக் கணீரென்று கேட்கும், அந்த இடத்தில் நிறுத்தலாம்.

பலகைக்கு 19 மி.மீ. ஷட்டரிங் பிளை, 6 அடி நீளம், 2 அடி உயரம், வெளியே மரச்சட்டம். இரண்டு பக்கத்தையும் 12 மி.மீ. போல்ட் சுவருக்குள் ஊடுருவிப் பிடிக்கிறது, பிவிசி குழாய்க்குள் விட்டால் உருவுவது சுலபம். முதலில் போல்ட்டை 3 அடிக்கு ஒன்று போட்டேன், மூன்றாவது அடுக்கிலேயே பலகை அரை அங்குலம் வயிறு தள்ளிவிட்டது. ஈர கான்கிரீட் தள்ளுவதைவிட இது மோசம், ஒவ்வொரு குத்தும் பக்கவாட்டில் இடிக்கிறது. அன்று மாலையே அந்த மூன்று அடுக்கையும் பிரித்தேன். பிறகு 2 அடிக்கு ஒன்று, இரண்டு வரிசை, நூல் பிடித்துப் பார்த்தேன், அசையவில்லை. மூலையில் முக்கோண மரத்துண்டு வை, இல்லையென்றால் கூர்முனை உதிரும். பலகையை அன்றைக்கே கழற்றலாம், ஆனால் வெளியே இழுக்காமல் சுவரை ஒட்டியே நகர்த்து, இழுத்தால் தோல் பெயர்ந்து வரும்.

அப்புறம் 4 வாரம் ஈரச்சாக்கு. அடியில் ஒன்றரை அடி கருங்கல் கட்டு, மேலே கூரை 2 அடி வெளியே நீட்டியிருக்கிறேன், சாரல் சுவரில் படுவதில்லை.

பாட்டில் சோதனையைச் செய்து படம் எடுத்து அனுப்பு, ஸ்கேலை பக்கத்தில் வைத்து எடு. மணல் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். பலகைகள் என்னிடம் சும்மாதான் கிடக்கின்றன, தை பிறந்ததும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

உன் நண்பன்