அடுத்த வீட்டாருக்கு ஒரே பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வயதான பெற்றோரை அடுத்த வீட்டார் பொறுப்பில் விட்டுச் செல்பவர்கள் எழுதிவைக்க வேண்டியவை என்று சென்ற இதழில் வந்த பட்டியல் சரியானதுதான். ஆனால் அது நாலு பக்கம் வரும். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியராகச் சொல்கிறேன், பதற்றத்தில் யாரும் இரண்டாவது பக்கத்தைப் புரட்டுவதில்லை.

நோய் வரலாறு, பழைய ரிப்போர்ட், மாத்திரைப் பட்டியல் எல்லாம் தனி ஃபைலில் இருக்கட்டும். அது ஆம்புலன்ஸில் கூடவே வர வேண்டியது. அடுத்த வீட்டாரிடம் கொடுப்பது ஒரே பக்கத் தாளாக இருக்கட்டும். அதில் மேலே ஆம்புலன்ஸ் எண்ணும், போனில் அப்படியே வாசிக்கக்கூடிய முகவரியும் போதும். "முதலில் ஆம்புலன்ஸ், அப்புறம் எனக்கு" என்றும் எழுதுங்கள். பலர் மகனையோ மகளையோ கேட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று காத்திருக்கிறார்கள்.

மீதி இடத்தில் நோயின் பெயர் வேண்டாம், கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். சர்க்கரைக்கு கிளிமிபிரைடும், ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரையும் சாப்பிடும் அம்மா என்று வைத்துக்கொள்வோம். "சர்க்கரை குறைந்தால்" என்று எழுதினால் அடுத்த வீட்டாருக்கு அது எப்படித் தெரியும்? "திடீரென வியர்த்துக் கை நடுங்கினால், சம்பந்தமில்லாமல் பேசினால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு இன்னொரு முறை கொடுக்கவும். மயங்கிக் கிடந்தாலோ விழுங்க முடியாவிட்டாலோ வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆம்புலன்ஸ்." தெளிந்த பிறகும் டாக்டரிடம் பேச வேண்டும் என்பதை விட்டுவிடாதீர்கள். கிளிமிபிரைடு பல மணி நேரம் வேலை செய்வதால் சர்க்கரை மறுபடியும் இறங்கலாம்.

வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 15 நிமிடம் காத்திருக்கக் கூடாது, அது பக்கவாதமாக இருக்கலாம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து தரலாமா என்று டாக்டர்கள் முடிவெடுக்க அந்த நேரம் தேவை. விழுந்து தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு மூளையில் ரத்தம் மெதுவாகக் கசிந்து, பல மணி நேரம் கழித்தும் வெளியே தெரியலாம்.

பெரும்பாலும் யாரும் எழுதாத ஒரு வரி, அம்மாவுக்கு வழக்கமாகவே இருப்பது என்ன என்பது. "இடது கை எப்போதுமே பலவீனம், காது மந்தம்" என்று இருந்தால் புதிதாக வந்த தளர்ச்சி எது என்று அடுத்த வீட்டாருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எழுதிய தாளை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, அடுத்த வீட்டாரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் எந்த வரியில் நின்று சந்தேகம் கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி